0.82 என்ற எண்ணுக்குள் எவ்வளவு கொழுப்பு?

"வெறும் வயிற்றில் படுக்கவைத்து மூச்சை அளந்தார்கள். ஆக்சிஜன் நிமிடத்துக்கு 250 மில்லி, சுவாச ஈவு 0.82 என்று வந்தது. டிரெட்மில்லில் விரைவாக நடந்தபோது ஆக்சிஜன் 1200 மில்லி, ஈவு 0.86. ஓட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஈவு 1.08. அப்படியானால் சும்மா படுத்திருக்கும்போதுதான் எனக்குக் கொழுப்பு அதிகம் எரிகிறதா? ஓடும்போது நின்றேவிடுகிறதா?"

இரண்டும் இல்லை. உங்களுடைய எண்களையே வைத்துக் கணக்கிட்டால், நடந்தபோது எரிந்த கொழுப்பு படுத்திருந்தபோது எரிந்ததைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. கடைசியில் வந்த 1.08 எரிபொருளைப் பற்றிப் பேசும் எண்ணே அல்ல. ஏன் என்பதற்கு, இந்த ஈவு எங்கிருந்து பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சுவாச ஈவு என்பது உடல் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடின் கன அளவை, அதே நேரத்தில் எடுத்துக்கொண்ட ஆக்சிஜனின் கன அளவால் வகுத்தால் கிடைப்பது. குளுக்கோஸ் மூலக்கூறில் ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. அந்தப் பன்னிரண்டு ஹைட்ரஜனும் நீராக மாறுவதற்குத் தேவையான ஆறு ஆக்சிஜனும் மூலக்கூறுக்குள்ளேயே இருப்பதால், மூச்சில் வரும் ஆக்சிஜன் முழுவதும் கார்பனுக்கே கணக்காகிறது. ஆறு மூலக்கூறு ஆக்சிஜன் உள்ளே போனால் ஆறு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது. ஈவு சரியாக 1. கொழுப்பின் நிலை வேறு. பால்மிடிக் அமிலத்தில் பதினாறு கார்பனுக்கும் முப்பத்திரண்டு ஹைட்ரஜனுக்கும் சேர்த்து இரண்டே இரண்டு ஆக்சிஜன் அணுக்கள்தான். கார்பனை எரிக்கப் பதினாறு மூலக்கூறு ஆக்சிஜன், ஹைட்ரஜனை எரிக்க எட்டு, கையிருப்பில் உள்ள ஒன்றைக் கழித்தால் மொத்தம் 23. வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடோ 16 மட்டுமே. பதினாறை இருபத்து மூன்றால் வகுத்தால் 0.70. உள்ளே போன ஆக்சிஜனில் ஒரு பகுதி நீராகிவிடுவதால் மூச்சில் திரும்பி வருவதில்லை. ஈவு குறைவதற்குக் காரணம் அவ்வளவுதான்.

புரதம் இந்த இரண்டுக்கும் நடுவில், சுமார் 0.8 என்ற இடத்தில் நிற்கிறது. அதுவும் ஒரு தொந்தரவுதான், ஏனென்றால் 0.82 என்ற எண் கொழுப்பும் கார்போஹைட்ரேட்டும் கலந்ததாலும் வரலாம், புரதம் மட்டும் எரிந்தாலும் வரலாம். துல்லியம் வேண்டுவோர் சிறுநீரில் வெளியேறும் நைட்ரஜனை அளந்து, புரதத்தின் பங்கை இரண்டு வாயுக்களிலிருந்தும் கழித்துவிட்டு, மீதியைக் கொண்டு புரதம் நீங்கலான ஈவைக் கணக்கிடுவார்கள். உங்களுக்குச் செய்தது போன்ற சோதனைகளில் பெரும்பாலும் அது செய்யப்படுவதில்லை. ஓய்வில் புரதத்தின் பங்கு சிறியது என்பதால், கீழே உள்ள கணக்கில் நானும் அதை விட்டுவிடுகிறேன்.

புரதத்தைத் தள்ளிவிட்டால் அறியாதவை இரண்டு, அளந்தவையும் இரண்டு. எனவே நேரடியாகத் தீர்க்கலாம். எடுத்த ஆக்சிஜனை VO2 என்றும் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடை VCO2 என்றும் குறித்து, இரண்டையும் நிமிடத்துக்கு லிட்டரில் போட்டால் விடை நிமிடத்துக்குக் கிராமில் வரும்:

```
கார்போஹைட்ரேட் = 4.55 × VCO2 − 3.21 × VO2
கொழுப்பு        = 1.67 × VO2 − 1.67 × VCO2
```

படுத்திருந்தபோது ஆக்சிஜன் 0.250 லிட்டர். ஈவு 0.82 என்பதால் கார்பன் டை ஆக்சைடு 0.205 லிட்டர். கொழுப்புக்கான வரியில் போட்டால் நிமிடத்துக்கு 0.075 கிராம் வருகிறது, கார்போஹைட்ரேட் 0.13 கிராம். ஒரு கிராம் கொழுப்பு கார்போஹைட்ரேட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கலோரி தருவதால், ஆற்றலில் கொழுப்பின் பங்கு 60 சதவீதத்தை ஒட்டி வருகிறது. நடந்தபோது ஆக்சிஜன் 1.2 லிட்டர், கார்பன் டை ஆக்சைடு 1.03 லிட்டர். கொழுப்பு நிமிடத்துக்கு 0.28 கிராம், கார்போஹைட்ரேட் 0.84 கிராம். ஆற்றலில் கொழுப்பின் பங்கு சுமார் 45 சதவீதமாக இறங்கிவிட்டது, ஆனால் எரிந்த அளவு 0.075 கிராமிலிருந்து 0.28 கிராமுக்கு ஏறிவிட்டது. ஈவு ஒரு விகிதம். அது பங்கைச் சொல்கிறதே தவிர, எந்த மொத்தத்தில் அந்தப் பங்கு என்பதைச் சொல்வதில்லை. ஆக்சிஜன் அளவு அருகில் இல்லாத ஈவை வைத்துக்கொண்டு கொழுப்பைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அறிக்கைகளில் ஈவைப் பெரிய எழுத்திலும் ஆக்சிஜனை ஓர் ஓரத்திலும் அச்சிடும் வழக்கத்தின் மேல் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு.

இனி 1.08. எந்த எரிபொருளை எரித்தாலும் ஈவு 1-ஐத் தாண்டாது என்று மேலே கண்டோம். அதைக் கொழுப்புக்கான வரியில் போட்டுப் பார்த்தால் விடை கழித்தல் குறியோடு வரும், அதாவது எரிந்த கொழுப்பு சுழியத்துக்கும் கீழே. விடை அபத்தமாக இருப்பதே, சூத்திரம் செல்லாத இடத்துக்கு வந்துவிட்டோம் என்பதற்கு அடையாளம். நடந்தது இதுதான்: கடும் ஓட்டத்தில் தசைகளிலிருந்து அமிலம் இரத்தத்தில் சேர்கிறது, இரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் அந்த அமிலத்தை மட்டுப்படுத்தும்போது கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. இந்தக் கார்பன் டை ஆக்சைடு அந்த நேரத்தில் எரிந்த எதிலிருந்தும் வந்ததல்ல, முன்பே உடலில் கரைந்திருந்த இருப்பு. அதோடு வேகமாக மூச்சு விடுவதும் அந்த இருப்பைக் காலி செய்கிறது. ஆக்சிஜனுக்கு உடலில் இப்படிப் பெரிய இருப்பு கிடையாது, கார்பன் டை ஆக்சைடுக்கு உண்டு. அதனால்தான் வகுத்தலின் மேல்பாதி மட்டும் தனியாக ஆட்டம் காண்கிறது. ஓட்டம் நின்ற பிறகு இதற்கு நேர்மாறாக நடக்கும்: காலியான பைகார்பனேட் இருப்பை உடல் நிரப்பிக்கொள்வதால் கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே தங்கி, ஈவு உண்மையைவிடக் கீழே இறங்கும். ஓடி முடித்து இளைப்பாறும்போது 0.7-க்குப் பக்கத்தில் ஓர் எண்ணைக் காட்டி, "பாருங்கள், இப்போது முழுக்கக் கொழுப்பு எரிகிறது" என்று யாராவது சொன்னால், எந்த நிமிடத்தில் எடுத்த எண் என்று கேளுங்கள்.

இதற்காகவே துறையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. செல்களுக்குள் உண்மையில் நடக்கும் விகிதம் சுவாச ஈவு, திரையில் RQ. மூச்சில் அளக்கப்படும் விகிதம் சுவாசப் பரிமாற்ற விகிதம், திரையில் RER. ஓய்விலும் மிதமான உழைப்பிலும் உடல் ஒரு நிலைக்கு வந்து நின்ற பிறகு இரண்டும் ஒன்றாகிவிடும். அதற்கு முன்னும், கடும் உழைப்பிலும், பதற்றத்திலும் ஒன்றாகா. கருவிகள் பல வேளைகளில் RER-ஐ அளந்துவிட்டு RQ என்ற தலைப்பில் அச்சிடுகின்றன.

பதற்றம் என்றது ஓய்வுச் சோதனையில் எல்லோரையும் ஏமாற்றும் விஷயத்தைத்தான். தலையை மூடும் ஒளிபுகும் கூண்டுக்குள் படுத்ததும் சிலருக்குத் தம்மை அறியாமலே மூச்சு வேகமெடுக்கும். ஆக்சிஜன் 250 மில்லியிலேயே நிற்க, கார்பன் டை ஆக்சைடு மட்டும் 280, 300 என்று ஏறி, ஈவு 1.1, 1.2 என்று காட்டும். இரவு முழுதும் உண்ணாத ஒருவர் இப்படி மூச்சு விட்டால் கார்போஹைட்ரேட்டை மட்டுமே எரிப்பவரைப் போலத் தெரிவார். கண்டுபிடிப்பது கடினமல்ல: நிமிடத்துக்கு உள்ளிழுக்கும் காற்றின் அளவு ஏறியிருக்கும், மூச்சின் கடைசிப் பகுதியில் உள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவு இறங்கியிருக்கும், ஆக்சிஜன் மட்டும் அசையாமல் இருக்கும். எரிபொருள் உண்மையிலேயே மாறியிருந்தால் அது இப்படி ஒரு நிமிடத்தில் குதிக்காது. முதல் ஐந்து நிமிட எண்களைத் தள்ளிவிட்டு, அதற்குப் பின் இரண்டு வாயுக்களும் குறைந்தது ஐந்து நிமிடம் அதிகம் ஏறி இறங்காமல் இருந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது இதனால்தான்.

கருவியின் பக்கத்திலிருந்து வரும் பிழை இதைவிட நுட்பமானது. கூண்டின் வழியே நிமிடத்துக்கு 30 லிட்டர் காற்று இழுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எடுத்த 250 மில்லி ஆக்சிஜன் அந்த 30 லிட்டரில் வெறும் 0.83 சதவீதம், வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடு 0.68 சதவீதம். அறைக் காற்றில் இருக்கும் 20.93 சதவீத ஆக்சிஜனில் இந்த 0.83-ஐத்தான் கருவி பிரித்தறிய வேண்டும். அதில் 0.04 தவறினால், 0.83 என்பது 0.79 ஆகி, உங்கள் 0.82 என்ற ஈவு 0.86 ஆகிவிடும். நாம் சற்று முன் கொழுப்பின் பங்கு 60 சதவீதம், 45 சதவீதம் என்று பிரித்துப் பேசினோமே, அந்த முழு வேறுபாடும் இந்த 0.04-க்குள் அடங்கிவிடுகிறது. மொத்தக் கலோரிக் கணக்கு இவ்வளவு எளிதில் உடையாது. அதே பிழையில் அது ஐந்து சதவீதத்துக்கும் குறைவாகவே தவறும். ஓய்வில் செலவாகும் மொத்த ஆற்றலைச் சொல்வதில் இந்தச் சோதனை நம்பகமானது. அந்த ஆற்றல் எதிலிருந்து வந்தது என்று பிரிப்பதில் அந்த அளவுக்கு இல்லை.

நான் முன்பு வேலை செய்த ஓர் ஆய்வகத்தில் இது நேரடியாகப் பட்டது. தொடர்ந்து மூன்று நாள், வெறும் வயிற்றில் வந்த எல்லோருக்கும் ஈவு 0.9-ஐ ஒட்டியே வந்தது. முதல் நாள், நேற்றிரவு இவர் நிறையச் சாப்பிட்டிருப்பார் என்று சொல்லிக்கொண்டோம். இரண்டாம் நாளும் அதையே சொல்லிக்கொண்டோம். மூன்றாம் நாள் மாலை ஒருவர் சாராய விளக்கை எடுத்து வந்தார். எத்தனால் எரியும்போது மூன்று மூலக்கூறு ஆக்சிஜனுக்கு இரண்டு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு வரும். விளக்குக்குப் பதற்றமும் இல்லை, இரவு உணவும் இல்லை. கூண்டுக்குள் அதை எரித்தால் 0.67 வந்தே தீர வேண்டும். எங்கள் திரை 0.73 காட்டியது. தேடிப் பார்த்ததில், கருவியைச் சரிபார்க்கும் வாயு உருளையை அந்த வாரம் மாற்றியிருந்தோம். புதிய உருளையில் ஆக்சிஜன் 16.0 சதவீதம், ஆனால் கருவிக்குள் பழைய உருளையின் 16.4 என்ற எண்ணே இருந்தது. அறைக் காற்றுக்கும் உருளைக்கும் இடையே உண்மையில் 4.93 சதவீத வேறுபாடு இருக்க, கருவி அதை 4.53 என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரின் ஆக்சிஜனையும் எட்டு சதவீதம் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. 0.82 இருந்தவர்கள் எல்லோரும் 0.89 ஆகிவிட்டிருந்தார்கள். எண்ணை மாற்றியதும் விளக்கு 0.67-க்குத் திரும்பியது. அந்த மூன்று நாள் அறிக்கைகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

விளக்கைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடலாம். விளக்கில் எரிந்தாலும் உடலில் எரிந்தாலும் எத்தனாலின் ஈவு ஒன்றுதான். குடித்த மது இன்னும் உடலில் தீராத ஒருவரைச் சோதித்தால், கொழுப்பை மிக நன்றாக எரிப்பவரைப் போல அழகான தாழ்ந்த ஈவு வரும்.

மூச்சும் கருவியும் சரியாகவே இருந்தாலும், கொழுப்பு எரிந்தது என்ற சொல்லுக்கு இந்தக் கணக்கில் என்ன பொருள் என்பது மீதியிருக்கிறது. உடல் கார்போஹைட்ரேட்டைக் கொழுப்பாகவும் மாற்றும். ஒன்பது மூலக்கூறு குளுக்கோஸை எடுத்து இரண்டு மூலக்கூறு பால்மிடிக் அமிலம் செய்வதாகக் கொள்வோம். கார்பன் கணக்கைச் சரிக்கட்டினால், 22 மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும், 8 மூலக்கூறு ஆக்சிஜன் உள்ளே போகும். இந்த ஒரு வேலையின் ஈவு மட்டும் 2.75, உழைப்போ மிகைமூச்சோ இல்லாமலே ஈவை 1-க்கு மேல் தள்ளக்கூடியது இது. இப்போது அதே நேரத்தில் உடலின் வேறொரு பகுதியில் இரண்டு மூலக்கூறு பால்மிடிக் அமிலம் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 46 ஆக்சிஜன் உள்ளே, 32 கார்பன் டை ஆக்சைடு வெளியே. இரண்டையும் கூட்டினால் 54-க்கு 54, ஈவு 1. ஒன்பது குளுக்கோஸை நேரடியாக எரித்தாலும் இதே 54-க்கு 54 தான். கொழுப்பு எரிந்ததும் உண்மை, கொழுப்பு உண்டானதும் உண்மை. மூச்சுக்கோ குளுக்கோஸ் எரிந்தது மட்டுமே தெரியும். ஆகவே சூத்திரம் தரும் 0.075 கிராம் என்பது எரிந்ததிலிருந்து புதிதாக உண்டானதைக் கழித்த நிகர அளவு. தவறு என்று இதைச் சொல்ல மாட்டேன். உடலின் இருப்பில் என்ன குறைந்தது என்று அறிய விரும்புவோருக்கு நிகர அளவே வேண்டியது. ஆனால் குறிப்பிட்ட செல்லுக்குள் என்ன வினை நடக்கிறது என்பதற்கு ஈவைச் சான்றாகக் காட்டுவது செல்லாது. வழக்கமான உணவு உண்பவர்களில் கார்போஹைட்ரேட் கொழுப்பாக மாறுவது குறைவு என்பதால், நடைமுறையில் இது பெரிதாக இடிப்பதில்லை.

எடை குறைப்பதற்காக இந்த எண்களைப் பார்க்கிறீர்கள் என்றால், உணவைக் கணக்கில் சேர்க்காமல் அது முடியாது. நிமிடத்துக்கு 0.075 கிராம் என்ற வேகம் நாள் முழுதும் நீடித்தால் 108 கிராம் கொழுப்பு எரியும். அன்று உணவில் 108 கிராம் கொழுப்பு உண்டிருந்தால், உடலின் இருப்பிலிருந்து ஒன்றும் குறைந்திருக்காது. கொழுப்பு மிகுந்த உணவைச் சில நாள் உண்டால் ஈவு 0.75 வரை கூட இறங்கும், ஏனென்றால் உடல் தனக்குக் கிடைப்பதை எரிக்கப் பழகிக்கொள்கிறது; அந்தத் தாழ்ந்த ஈவு தட்டில் என்ன இருந்தது என்பதையே சொல்கிறது. உண்ட உணவை முழுவதும் எரித்தால் என்ன ஈவு வருமோ, அதற்கு உணவு ஈவு என்று பெயர். எடை நிலையாக இருப்பவருக்கு 24 மணி நேரச் சுவாச ஈவும் உணவு ஈவும் சமமாகவே இருக்கும். உணவு ஈவைவிடச் சுவாச ஈவு ஒரு முழு நாளில் தாழ்ந்திருந்தால்தான் இருப்பிலுள்ள கொழுப்பு கரைகிறது என்று கொள்ள இடமுண்டு. ஒரு முழு நாளை அளக்க, மனிதர் உள்ளேயே தங்கி உண்டு உறங்கும் மூடிய அறை வேண்டும். அரைமணி நேரக் கூண்டு போதாது.

உங்கள் அறிக்கையைப் பொறுத்தவரை, 0.82 இரவு முழுதும் உண்ணாதவரிடம் எதிர்பார்க்கும் எண்தான். அதில் சிறப்பும் இல்லை, குறையும் இல்லை. 0.86-ஐ அதன் ஆக்சிஜனோடு சேர்த்துப் படியுங்கள். 1.08 இருக்கும் வரியைக் கொழுப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நீங்கள் உங்கள் எல்லைக்கு அருகில் ஓடினீர்கள் என்பதற்கு மட்டும் அது சான்று. அடுத்த மாதம் மறுசோதனையில் 0.82 என்பது 0.79 ஆனாலோ 0.85 ஆனாலோ, முந்தைய இரண்டு நாளில் என்ன உண்டீர்கள், படுத்திருந்தபோது மூச்சு நிலையாக இருந்ததா, கருவியை அன்று சரிபார்த்தார்களா என்ற மூன்றையும் கேட்ட பிறகே அந்த மாற்றத்துக்கு ஏதேனும் பொருள் கொடுங்கள்.